வீட்டு ரெனோவேஷன் முடிஞ்சாச்சா? கான்ட்ராக்டருடன் கடைசிக் கணக்கு, நன்றி, சர்வீஸ் விசிட்... எல்லாத்தையும் முடிப்பது இப்படித்தான்!

ரெண்டு மாசமா வீடு முழுக்க சிமென்ட் தூசி. ஒரு ரூமுக்குள்ளேயே சமையல், தூக்கம், ஒர்க் ஃப்ரம் ஹோம் எல்லாம். ஒருவழியாக பாத்ரூம் டைல்ஸ் பளபளக்கிறது, மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தது, பெயின்ட் வாசனையும் குறைந்துவிட்டது. இப்போது கான்ட்ராக்டரிடம் இருந்து போன் வரும். ''சார், வேலை முடிஞ்சிருச்சு. பாக்கியை செட்டில் பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்.''

நல்லபடியாகப் போன பல வேலைகள் கசப்பாக முடிவது இந்த இடத்தில்தான். அவர் மனதில் ஒரு தொகை, உங்கள் மனதில் வேறொரு தொகை. பேசித் தீர்க்காமல் அவசரமாக பணத்தைக் கொடுத்துவிட்டால், நவம்பர் மழையில் சீலிங் நனையும்போது அவர் போனை எடுக்க மாட்டார். கொடுக்காமல் இழுத்தால், அவர் தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் திண்டாடுவார். அடுத்த முறை உங்கள் தெருப் பக்கமே வர மாட்டார். ரெண்டுமே வேண்டாம் என்றால், கடைசி ஒரு வாரத்தில் நான்கு வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்: பாக்கி வேலைப் பட்டியல், கடைசிக் கணக்கு, சர்வீஸ் விசிட் ஒப்பந்தம், நன்றி. இந்த வரிசை முக்கியம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் சுற்றிப் பாருங்கள்

கணக்குப் பேச உட்காரும் முன், கான்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் கூட வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். கையில் போன், ஒரு பென்சில், ஒரு அஞ்சு ரூபாய் காயின், ஒரு பக்கெட் தண்ணீர். அவ்வளவு போதும்.

காயினால் டைல்ஸை நான்கு மூலையிலும் நடுவிலும் மெதுவாகத் தட்டுங்கள். 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை நன்றாக நிரம்பியிருக்கிறது. 'டொக்' என்று பானையைத் தட்டுவது போல் வந்தால் அடியில் காற்று இருக்கிறது. சுவரில் ஒரு மூலையில் மட்டும் அப்படி இருந்தால் பெரிய விஷயமில்லை. தரையில், அதுவும் டைலின் பாதி அளவுக்கு அந்தச் சத்தம் வந்தால், கனமான பொருள் விழும்போது அது உடையும். அந்த டைலில் பென்சிலால் குறி வைத்துவிடுங்கள்.

பாத்ரூமில் பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். எங்காவது குட்டை போல் தேங்கி நின்றால், அங்கே வாட்டம் சரியில்லை. 'துடைச்சா போயிடும் சார்' என்பார்கள். தினமும் துடைக்கப்போவது நீங்கள்தான் என்பதால் பட்டியலில் எழுதுங்கள்.

மொட்டைமாடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்திருந்தால், தண்ணீர் கட்டிப் பார்க்காமல் வேலையை முடிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டாம். பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகு, மழைநீர்க் குழாய் வாய்களைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, ஒன்றிலிருந்து ரெண்டு அங்குலம் வரை தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட வேண்டும். பழைய வீடு என்றால் ரெண்டு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். தண்ணீரின் எடை கூடிக்கொண்டே போகும். கீழே சீலிங்கை, முக்கியமாக சுவரும் கூரையும் சேரும் இடங்களையும் ஃபேன் கொக்கியைச் சுற்றியும், தண்ணீர் நிறுத்தும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். சட்டென்று கண்ணில் படாத லேசான ஈரம்கூட ரெண்டு போட்டோவையும் ஒப்பிடும்போது நிற வித்தியாசமாகத் தெரியலாம்.

குறை தெரிந்த ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி, எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று போடுங்கள். 'பெயின்டிங் ஃபினிஷிங் சரியில்லை' என்று எழுதினால் அதற்கு முடிவே கிடையாது. 'ஹால், ஜன்னலுக்கு இடது பக்கம், ரெண்டாவது கோட் திட்டுத்திட்டாக இருக்கிறது' என்று எழுதினால், பெயின்டர் அரை நாளில் முடித்துவிட்டுப் போவார்.

கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரும்பாலானவர்கள் 'இதுவரை எவ்வளவு குடுத்திருக்கோம்?' என்ற கேள்வியில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, 'செய்த வேலையின் மதிப்பு எவ்வளவு?' என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க நான்கு படிகள்: கொட்டேஷன் தொகை, அளவில் வந்த வித்தியாசம், கூடுதல் வேலை, கழிவு. இந்த நான்கும் முடிந்த பிறகுதான் கொடுத்த பணம் உள்ளே வரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஒரு பழைய வீடு. மெட்டீரியலும் கூலியும் சேர்த்துக் கான்ட்ராக்ட். ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட கொட்டேஷன் இப்படி:

மாடி வாட்டர்ப்ரூஃபிங், சுமார் 600 சதுர அடி, அடிக்கு 90 ரூபாய்: 54,000
பாத்ரூம் உடைத்துப் புதிதாக, மொத்தமாக: 1,40,000
சமையலறை மேடை, சுவர் டைல்ஸ், பரண் கதவு, மொத்தமாக: 86,000
பெயின்டிங், சுமார் 2,400 சதுர அடி, அடிக்கு 25 ரூபாய்: 60,000
மொத்தம்: 3,40,000

இதில் பாத்ரூமும் சமையலறையும் மொத்தத் தொகை. அவற்றை மறுபடி அளக்கத் தேவையில்லை. மற்ற ரெண்டும் 'சுமார்' என்று எழுதிய சதுர அடிக் கணக்கு. அந்த ரெண்டையும் டேப் பிடித்து அளந்தே ஆக வேண்டும். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்கட்டும், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். அளவை அப்போதே எழுதி ரெண்டு பேரும் பார்த்துவிட்டால், பிறகு 'நீங்க தப்பா அளந்தீங்க' என்ற பேச்சே வராது.

மாடி 30 அடிக்கு 20 அடி. தரை மட்டும் 600 சதுர அடிதான். ஆனால், பூச்சைக் கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். சுற்றளவு 100 அடி என்பதால் 100 சதுர அடி கூடுகிறது. 'தரையைத்தானே பேசினோம்' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால், தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் முதலில் இறங்கும். அங்கே பூச்சு ஏறாத வாட்டர்ப்ரூஃபிங் பாதி வேலைதான். கொட்டேஷனில் 'அளவுப்படி' என்று எழுதியிருந்தால், பூசிய இடத்துக்கெல்லாம் காசு கேட்பது அவர் பக்கம் நியாயம். ஆக 700 சதுர அடி, 63,000 ரூபாய். 9,000 கூடுகிறது.

பெயின்டிங்கில் கதை தலைகீழ். சமையலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டிய இடத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. அளந்தால் 2,250 சதுர அடிதான். 150 அடிக்கு 3,750 ரூபாய் குறைகிறது. கதவு, ஜன்னல் இடங்களைக் கழிப்பதா, வேண்டாமா என்று ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ஒரு வழக்கம் இருக்கிறது. கொட்டேஷனில் எப்படி அளந்தார்களோ, கடைசியிலும் அதே முறையில் அளக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது ஒரு அளவு கூடாது.

'எக்ஸ்ட்ரா'வும் கழிவும்

சண்டை வருவதில் பாதி, எக்ஸ்ட்ரா என்ற ஒரு வார்த்தையால்தான். இந்த வீட்டில் ரெண்டு எக்ஸ்ட்ரா. சமையலறையில் கூடுதலாக மூன்று பிளக் பாயின்ட், ஒன்றுக்கு 1,200 வீதம் 3,600. பாத்ரூமை உடைத்தபோது பழைய இரும்புக் கழிவுக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. சேம்பர் வரை புதுக் குழாய் போட்டதற்கு 9,500. மொத்தம் 13,100.

ஒவ்வொரு எக்ஸ்ட்ராவுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை செய்யும் முன்னாடி விலை சொல்லி, நாம ஓகே சொன்னோமா?' வாட்ஸ்அப்பில் தேடுங்கள். பிளக் பாயின்ட்டுக்கு மெசேஜ் இருக்கிறது. குழாய்க்கு மெசேஜ் இல்லை. ஆனால் உடைந்த குழாயின் போட்டோவை அன்றைக்கே அனுப்பியிருக்கிறார், நீங்களும் 'மாத்திடுங்க' என்று போனில் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது வேலையை மறுக்க முடியாது, விலையை மட்டும் பேசலாம். குழாய் எத்தனை அடி, எத்தனை நாள் கூலி, கடை பில் எவ்வளவு என்று கேளுங்கள். நேர்மையான கான்ட்ராக்டர் மூன்றையும் சொல்லிவிடுவார்.

கழிவு என்பது உங்களுக்கு வர வேண்டியது. பாத்ரூம் தொகையில் குழாய், க்ளோசெட் வகைக்கு 28,000 சேர்த்திருந்தார். ஆனால் அவற்றை நீங்களே ஆன்லைனில் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். ஆக 28,000 கழிய வேண்டும். சமையலறைப் பரண் கதவு செய்யவில்லை, அதற்கு 6,500 கழிகிறது. இந்தத் தொகைகள் கொட்டேஷனில் தனித்தனியாக இருந்தால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும். 'மொத்தமா 86,000' என்று மட்டும் இருந்தால், பரண் கதவின் மதிப்பு என்ன என்று அரை நாள் பேச வேண்டியிருக்கும்.

இப்போது கூட்டுவோம்.

கொட்டேஷன்: 3,40,000
மாடி அளவில் கூடியது: + 9,000
பெயின்டிங் அளவில் குறைந்தது: − 3,750
எக்ஸ்ட்ரா: + 13,100
நீங்கள் வாங்கிய பொருள்கள்: − 28,000
செய்யாத பரண் கதவு: − 6,500
வேலையின் மதிப்பு: 3,23,850

இனிமேல்தான் கொடுத்த பணம். அட்வான்ஸ் 1,00,000. அடுத்து 90,000. அதற்கடுத்து 80,000. இந்த மூன்றும் யூ.பி.ஐ-யில் போனதால் தேதியோடு இருக்கும். நான்காவதாக ஒன்று இருக்கும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு சனிக்கிழமை, கான்ட்ராக்டர் ஊரில் இல்லை, 'கூலி பத்தல சார்' என்று மேஸ்திரி கேட்டு, உங்கள் அப்பா கையில் இருந்து 8,000 ரொக்கமாகக் கொடுத்திருப்பார். அதையும் சேர்த்தால் 2,78,000. அந்த 8,000 கான்ட்ராக்டருக்குத் தெரியுமா என்று மேஸ்திரியை வைத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். பாக்கி 45,850.

இந்தக் கணக்கைப் பேசி முடித்த அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வரி அவசியம்: 'மேற்படி வேலைகள் சம்பந்தமாக இதுவரை உள்ள எல்லாக் கூடுதல் வேலைகளும் இந்தக் கணக்கில் அடங்கும்.' ரெண்டு மாதம் கழித்து 'அந்த சிங்க் வேலை விட்டுப்போச்சு சார்' என்று வராமல் இருக்க இந்த வரிதான் காவல்.

பில், ரசீது, ரொக்கம்

'பில் வேணும்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்' என்ற வசனம் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஜி.எஸ்.டி-யில் பதிவு செய்த கான்ட்ராக்டர் வரியோடு பில் தர வேண்டியவர். அது அவர் விருப்பம் சார்ந்தது இல்லை. பதிவு செய்யாத சிறிய கான்ட்ராக்டர் ஜி.எஸ்.டி என்று ஒரு ரூபாய்கூட உங்களிடம் வசூலிக்க முடியாது. பில்லில் உள்ள ஜி.எஸ்.டி எண்ணை gst.gov.in தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் போட்டால், அது யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பதிவு செய்யாதவர் என்றால், பெயர், முகவரி, வேலை விவரம், தொகை, தேதி எழுதிய சாதாரண ரசீது போதும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். ஒரே வேலைக்காக ஒருவரிடம் இருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் விழுவது வாங்கியவருக்கு. 'கேஷா குடுத்தா கொஞ்சம் குறைச்சுக்குறேன்' என்று அவர் சொன்னால், இதை அவருக்கே எடுத்துச் சொல்லலாம்.

இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. நாளைக்கு வீட்டை விற்கும்போது, புது அறை, புது பாத்ரூம் போல வீட்டை மேம்படுத்திய நிரந்தரச் செலவுகளை விலையோடு சேர்த்து, லாபத்தைக் குறைத்துக் காட்டச் சட்டத்தில் இடமிருக்கிறது. வெறும் பெயின்டிங், சின்னச் சின்ன ரிப்பேர் அதில் வராது. எது வரும், எது வராது என்பதை ஆடிட்டர் பார்த்துச் சொல்வார். ஆனால், பில் இல்லாவிட்டால் அவராலும் எதுவும் செய்ய முடியாது.

எவ்வளவு பிடித்து வைக்கலாம்?

பாக்கி 45,850-ஐயும் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டுமா? வேலையின் மதிப்பில் 5 சதவிகிதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பது கட்டுமானத் தொழிலில் பழகிய வழக்கம்தான். 'ரிடென்ஷன்' என்று சொன்னால் அவருக்கே புரியும். நம் கணக்கில் அது ஏறக்குறைய 16,000. அதைக் கழித்து 29,850-ஐ இன்றே கொடுத்துவிடலாம்.

ஆனால், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதை ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்த பிறகு, 'அஞ்சு பர்சென்ட் நிறுத்தி வெச்சுக்குறேன்' என்று திடீரென்று சொன்னால், அது அவருக்குப் பணத்தைப் பிடுங்குவது போலத்தான் படும். சின்னக் கான்ட்ராக்டருக்கு ஒரு வேலையில் நிற்கும் லாபமே சில சமயம் அந்த 5 சதவிகிதம்தான். ஆரம்பத்தில் பேசவில்லை என்றால், பணத்தைப் பிடிக்காமல் சர்வீஸ் விசிட் தேதிகளை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். இல்லை, இன்னும் முடியாத வேலை ஏதாவது பட்டியலில் இருந்தால், அதன் மதிப்பு அளவுக்கு மட்டும் நிறுத்துங்கள். பிடித்து வைக்கும் தொகைக்கு வெளியிடும் தேதி இருந்தால் அது ஒப்பந்தம். தேதி இல்லாவிட்டால் இழுத்தடிப்பு.

சர்வீஸ் விசிட்: எப்போது, எதற்கு?

'ஏதாவதுன்னா கூப்பிடுங்க சார், வந்துடுறேன்' என்று எல்லா கான்ட்ராக்டரும் சொல்வார்கள். மனசார சொல்வார்கள். ஆனால், அக்டோபரில் மழை தொடங்கியதும் அவருக்கு ஒரே நாளில் பத்து வீட்டில் இருந்து போன் வரும். தேதி குறித்த வீடுதான் அப்போது முதலில் நிற்கும்.

நம் உதாரண வீட்டில் வேலை ஜூலையில் முடிந்தது என்று வைத்துக்கொண்டால், நான்கு விசிட் போதும்.

முதல் விசிட் ஆகஸ்ட் நடுவில். குடும்பம் ஒரு மாதம் புழங்கியிருக்கும். குழாய் மூட்டுகளில் சொட்டு, டைல்ஸ் இடுக்கில் உதிர்ந்த க்ரவுட், இறுகும் கதவு எல்லாம் இந்த நேரத்தில்தான் தெரியும். பூச்சு வேலை செய்த சுவரில் தலைமுடி அளவுக்கு மெல்லிய கீறல் வருவதும் இப்போதுதான். சிமென்ட் காயும்போது சுருங்குவதால் வரும் அந்தக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். கீறலின் ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த விசிட்டுக்குள் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், பட்டி வைத்து மூடுவதற்கு முன் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெண்டாவது விசிட் செப்டம்பர் கடைசி வாரம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். இது முழுக்க மாடிக்கான விசிட். மழைநீர்க் குழாய் வாயில் இலை, குப்பை அடைத்திருக்கிறதா, பூச்சு எங்காவது கொப்பளித்திருக்கிறதா, சுவர் மூலையில் விட்டிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது விசிட் டிசம்பரில், நல்ல மழை ரெண்டு மூன்று பெய்த பிறகு. சீலிங்கில் ஈரக் கறை, சுவரில் உப்புப் பூத்தல் இருந்தால் இப்போது கண்ணுக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் பிடித்து வைத்ததில் 10,000-ஐ அன்றைக்கே, அவர் கேட்கும் முன் அனுப்பிவிடுங்கள்.

நான்காவது விசிட் அடுத்த ஜூன். ஒரு கோடை வெயிலையும் வீடு பார்த்திருக்கும். மாடிப் பூச்சு வெயிலில் விரிந்து சுருங்கி எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதி 6,000-ஐயும் கொடுத்துக் கணக்கை மூடிவிடலாம்.

எது இலவசம், எதற்குக் காசு?

இதைப் பேசாமல் விட்டால் முதல் விசிட்டிலேயே முகம் சுளிக்க வேண்டிவரும். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் செய்த வேலையில் வரும் குறை, உதாரணமாக மூட்டில் கசிவு, டைல் கழன்றுவருவது, பூச்சு உரிவது, இதெல்லாம் அவர் பொறுப்பு. ஆளும் மெட்டீரியலும் அவருடையது. பொருளில் வரும் குறை, உதாரணமாக ஷவர் குழாயின் உள்பாகம் போய்விட்டால், கம்பெனி வாரன்ட்டி. நீங்கள் வாங்கிய பொருள் என்றால் பில்லும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். புழக்கத்தால் வருவது, உதாரணமாக சிங்க்கைச் சுற்றி இருக்கும் சிலிக்கான் கறுத்துப்போவது, உங்கள் செலவு.

ஒரு எச்சரிக்கை. வாட்டர்ப்ரூஃபிங் செய்த மாடியில் டிஷ் ஆன்டெனாவுக்கோ, சோலார் ஸ்டாண்டுக்கோ யாராவது டிரில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் கசிவுக்குக் கான்ட்ராக்டரைக் கேட்க முடியாது. மாடியில் எந்த வேலை நடந்தாலும் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜாக அனுப்பலாம். இப்படி:

''அண்ணே வணக்கம். பேசினபடி எழுதுறேன். மொத்த வேலை மதிப்பு 3,23,850. இதுவரை குடுத்தது 2,78,000. இன்னைக்கு 29,850 அனுப்பியிருக்கேன். மீதி 16,000-ல 10,000 டிசம்பர் விசிட் முடிஞ்சதும், 6,000 அடுத்த ஜூன் விசிட் முடிஞ்சதும் தர்றேன். விசிட்: ஆகஸ்ட் 15-க்குள்ள, செப்டம்பர் கடைசி வாரம், டிசம்பர், ஜூன். உங்க வேலையில குறைன்னா செலவு உங்களோடது. தண்ணி ஒழுகுனா ரெண்டு நாளைக்குள்ள, மத்ததுக்கு ஒரு வாரத்துக்குள்ள ஆள் அனுப்பணும். சரின்னா ஒரு பதில் போடுங்கண்ணே.''

அவர் 'சரிங்க தம்பி' என்று போட்டாலே அது ஒரு பதிவுதான். ஸ்க்ரீன்ஷாட், கையெழுத்துப் போட்ட கணக்கு, பில்கள், சுவரை மூடும் முன் எடுத்த குழாய், ஒயர் போட்டோக்கள் எல்லாவற்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பெயின்ட் ஷேடு நம்பர், டைல்ஸின் பெயரும் பேட்ச் நம்பரும் அதிலேயே இருக்கட்டும். மிஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியாவது வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சொன்ன தேதியில் வராவிட்டால்?

முதலில் போன். அடுத்து, குறையின் போட்டோவோடு எழுத்தில் ஒரு மெசேஜ், பதில் சொல்ல ஒரு வாரம். அதற்கும் பதில் இல்லையென்றால், இன்னொரு ஆளிடம் கொட்டேஷன் வாங்கி, 'இந்தத் தேதிக்குள் வராவிட்டால் இவரை வைத்துச் சரிசெய்து, பிடித்து வைத்த தொகையில் கழித்துக்கொள்கிறேன்' என்று தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் கழிப்பது தவறு.

அந்தத் தொகைக்கு மேல் நஷ்டம் என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. அங்கே கேட்கப்போவது நீங்கள் ஃபோல்டரில் வைத்த அதே காகிதங்களைத்தான்.

நன்றியை ஏன் கடைசியில் வைத்தோம்?

கணக்குப் பேசும் முன்பே வேட்டி, துண்டு, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால், அது விலையைக் குறைக்கப் போடும் ஐஸ் மாதிரி தெரியும். கணக்கு முடியும்போதே கொடுத்தால், 'அதான் துணி எடுத்துக் கொடுத்தோமே' என்று பாக்கியில் கழிக்கிற மாதிரி ஆகிவிடும். பணம் அவர் அக்கவுன்ட்டில் ஏறிய பிறகு, தனியாக ஒரு நாள் கூப்பிடுங்கள். அன்பளிப்பைக் கணக்கில் எழுதவே வேண்டாம்.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்துக் கான்ட்ராக்டருக்கும் மேஸ்திரிக்கும் மரியாதை செய்வது. அதோடு நிற்க வேண்டாம். வெயிலில் மணல் சலித்த சித்தாள் அக்கா, டைல்ஸ் ஒட்டிய வடமாநிலத் தம்பி, பிளம்பர் என எல்லோரும் இருக்கும்போதே ஒரு வேளை நல்ல சாப்பாடு போடுங்கள். வேலையின் கடைசி நாள்தான் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நாள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு சைட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே சாப்பாடு மட்டும் கணக்குக்கு முன்னால் வந்தாலும் தப்பில்லை. அவர்களுக்குப் பணமாகக் கொடுப்பதாக இருந்தால், கவரில் போட்டு அவரவர் கையில் கொடுங்கள். கான்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தால் அது கூலியோடு கலந்துவிடும்.

வார்த்தையால் சொல்லும்போது பொதுவாக 'சூப்பர் வேலைண்ணே' என்பதைவிட, எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ''பாத்ரூம்ல அந்தப் பழைய குழாயை மூடி மறைக்காம, போட்டோ எடுத்துக் காட்டினீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றிண்ணே'' என்றால், அடுத்த வீட்டிலும் அவர் அதையே செய்வார்.

சின்னக் கான்ட்ராக்டருக்கு வேட்டி துண்டைவிடப் பெரிய நன்றி, அடுத்த வேலை. அவர் அனுமதியோடு, வேலைக்கு முன், பின் என ரெண்டு போட்டோ, என்ன வேலை, எத்தனை நாள் ஆனது என்று நாலு வரி எழுதி, அப்பார்ட்மென்ட் குரூப்பிலும் கூகுள் ரிவ்யூவிலும் போடுங்கள். எத்தனை நாள் தாமதம் ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். குறையும் சொல்லியிருக்கும் சிபாரிசைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு வேலை பாக்கி. போன் காலண்டரைத் திறந்து, நான்கு விசிட் தேதிகளுக்கும் மூன்று நாள் முன்னதாக ரிமைண்டர் வைத்துவிடுங்கள். அன்றைக்கு அவருக்கு ஒரு போன்: ''அண்ணே, வீட்டுப் பக்கம் வர்றீங்களா? காபி போட்டு வைக்கிறேன்.''